தம்ப்பிரிண்ட் குக்கீ: ஜாம் பொங்கி வழிகிறது, ஓரம் கறுக்கிறது. என்ன செய்யலாம்?

செல்வி_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு 240 தம்ப்பிரிண்ட் குக்கீ செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று சோதனைக்காக 20 போட்டேன், பன்னிரண்டில் ஜாம் குழியை விட்டு வெளியே வந்துவிட்டது.

200 கிராம் மைதா, 130 கிராம் வெண்ணெய், 100 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போட்டேன். உருட்டி, ஃபிரிஜ்ஜில் அரை மணி நேரம் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, கடையில் வாங்கின கலப்புப் பழ ஜாமை பாட்டிலிலிருந்து அப்படியே ஒரு டீஸ்பூன் வைத்தேன். 32 லிட்டர் ஓ.டி.ஜி. நடுத்தட்டு, மேல் ராடு கீழ் ராடு இரண்டும் போட்டு 180 டிகிரியில் 16 நிமிடம்.

கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு நிமிடம் வரை ஜாம் அழகாகத்தான் இருந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் நடுவில் ஒரு குமிழி வந்தது, அப்புறம் சாம்பார் கொதிப்பதுபோல நாலு பக்கமும் குமிழி. ஏறி ஓரத்தைத் தாண்டி பட்டர் பேப்பரில் ஒழுகிவிட்டது. வழியாத எட்டிலும் ஜாமைச் சுற்றி வளையம் போட்டதுபோல துருப்பிடித்த நிறம். வாயில் வைத்தால் அந்த வளையம் மட்டும் லேசாகக் கசக்கிறது.

அளவைக் குறைப்பதா, சூட்டைக் குறைப்பதா, ஜாமையே மாற்றுவதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கார்த்தி_மதுரை

செல்வி மேடம், ரொம்ப சுலபம். நூறு கிராம் ஜாமுக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் கலந்து, ஒரு நிமிடம் சூடாக்கி, ஆறவைத்து வையுங்கள். கெட்டியாகிவிடும், ஓடாது. நான் பஃப்ஸுக்குள் ஜாம் வைக்கும்போது எப்போதும் இப்படித்தான் செய்கிறேன். ஒரு தடவைகூட வழிந்ததில்லை.

---

வதனி_யாழ்

எனக்கும் இந்தப் பிரச்சினை இருக்கு, உதவி தேவை. நான் விளாம்பழ ஜாம் போட்டு இதே பிஸ்கட் செய்யிறனான். சுட்டு எடுத்த அன்று நல்லா இருக்கும். அடுத்த நாள் ஜாம் கல்லுப்போல ஆகிவிடும், பிள்ளைகளின் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஜாம் ஓடக்கூடாது என்று கூடச் சீனி போட்டு நல்லாகக் காய்ச்சித்தான் வைக்கிறேன். இதை எப்படி மென்மையாக்குவது?

---

ராமநாதன்_குன்னூர்

செல்வி, எட்டு நிமிடம் சும்மா இருந்தது, ஒன்பதாவது நிமிடத்தில் குமிழி வந்தது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. நான் ஜாம் தயாரிக்கும் ஆலையில் தரப் பரிசோதனையில் 26 வருடம் வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் நாட்டுத் தர விதிப்படி ஜாம் என்று பெயர் போட்டு விற்றால் அதில் கரைந்திருக்கும் திடப்பொருள் 65 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பெரும்பாலும் சர்க்கரைதான். ஆலைகள் அந்த எல்லையை ஒட்டித்தான் நிறுத்தும். ஆக, 100 கிராம் ஜாமில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அந்த நிலையில் ஜாம் 104, 105 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் குக்கீயின் நடுப்பகுதி அந்தச் சூட்டைத் தொட ஒன்பது நிமிடம் எடுத்தது. அதற்குப் பிறகு ஏழு நிமிடம் ஜாம் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கொதித்தால் பொங்கும், பொங்கினால் வழியும். குக்கீக்கு 16 நிமிடம் வேண்டும், ஜாமுக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டையும் சேர்த்து வைத்ததுதான் சிக்கல்.

கறுப்பதும் இதன் தொடர்ச்சிதான். குழியின் நடுவில் ஜாம் ஆழமாக இருக்கிறது, தண்ணீர் இருக்கும்வரை அதன் சூடு பெரிதாக ஏறாது. ஓரத்தில் ஜாம் காகிதம்போல மெல்லிசு. அங்கே தண்ணீர் முதலில் போய்விடும். தண்ணீர் போன சர்க்கரை உடனே சூடேறிக் கருகும். நீங்கள் பார்த்த துரு வளையமும் கசப்பும் அதுதான். நடுப்பகுதியைத் தனியாக எடுத்துத் தின்று பாருங்கள், கசக்காது.

நான் சொல்வது இரண்டு விஷயம். ஜாமில் இருக்கும் தண்ணீரைக் குக்கீயில் வைக்கும் முன்பே கொஞ்சம் வற்ற வையுங்கள். அப்புறம், ஜாம் அடுப்புக்குள் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

வற்ற வைப்பதைக் கண்ணால் பார்த்துச் செய்யாதீர்கள், எடை போட்டுச் செய்யுங்கள். காலிப் பாத்திரத்தை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். 200 கிராம் ஜாம் போட்டால் 170 கிராம் ஆகும்வரை வற்ற வேண்டும். அதாவது நூற்றுக்கு 85. அப்போது திடப்பொருள் 76 சதவீதம் பக்கம் வந்துவிடும், கொதிநிலையும் 108 டிகிரிக்கு மேல் போய்விடும். அகலமான பாத்திரத்தில், நல்ல தீயில், கிண்டிக்கொண்டே சீக்கிரம் முடியுங்கள். சின்னக் கிண்ணத்தில் சிறு தீயில் அரை மணி நேரம் வைத்தால் ஜாமைக் கட்டிவைத்திருக்கும் பெக்டின் சிதைந்துவிடும், நிறமும் அங்கேயே மங்கிவிடும்.

இரும்புக் கடாயில் செய்யாதீர்கள். சிவப்புப் பழ ஜாம் புளிப்பானது, இரும்பு பட்டால் நிறம் செத்துவிடும். எவர்சில்வரோ நான்ஸ்டிக்கோ எடுங்கள்.

வதனி, உங்கள் பிரச்சினை நேர் எதிர். செல்வியின் ஜாமில் தண்ணீர் அதிகம், உங்களுடையதில் குறைவு. விளாம்பழ ஜாம் முதலிலேயே கெட்டி. அதில் சீனியும் சேர்த்துக் காய்ச்சினால் ஆறினதும் மிட்டாய்தான். சீனி சேர்க்காமல், காய்ச்சாமல், லேசாகச் சூடாக்கி மட்டும் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே காய்ச்சியது மீதி இருந்தால் 100 கிராமுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி கொதிநீர் விட்டுக் கரைக்கலாம்.

---

கார்த்தி_மதுரை

சார், அப்போது கார்ன்ஃப்ளார் தப்பா? எனக்கு நன்றாகத்தானே வருகிறது.

---

ராமநாதன்_குன்னூர்

தப்பில்லை தம்பி, பாதி வேலையைச் செய்கிறது. மாவு ஜாம் ஓடுவதைத் தடுக்கும். ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீர் அப்படியே இருக்கிறது, அது கொதிக்கத்தான் செய்யும். பஃப்ஸில் ஜாம் மாவுக்குள் மூடிக் கிடக்கிறது, கொதித்தாலும் வெளியே தெரியாது. இங்கே திறந்த குழி. கெட்டியான கூழ் கொதித்தால் பெரிய குமிழியாக எழும்பி வெடிக்கும், சுற்றிலும் தெறிக்கும். இன்னொன்று, மாவு சேர்ந்த ஜாம் ஆறியதும் கண்ணாடிப் பளபளப்பு இருக்காது, பால் கலந்ததுபோல மங்கும். தம்ப்பிரிண்ட் குக்கீக்கு அழகே அந்த மினுக்கம்தான்.

---

ஹேமா_போரூர்

நான் ஐந்து வருடமாக வீட்டிலிருந்து ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். இவ்வளவு சிரமமே வேண்டாம். குக்கீயைக் காலியாக முழுசாகச் சுட்டு எடுத்துவிடுங்கள். வெளியே எடுத்த சூட்டில் ஒரு தடவை குழியை அழுத்துங்கள். அப்புறம் கொதிக்கக் கொதிக்க ஜாமை ஊற்றி ஆறவிடுங்கள். ஜாம் அடுப்புக்குள் போகவே இல்லை, எப்படிக் கறுக்கும்? பாட்டிலில் இருக்கிற அதே நிறம் அப்படியே இருக்கும்.

---

மீரா_ஸ்டுட்கார்ட்

ஹேமா அக்கா சொல்வதுபோல இங்கேயும் சிலர் செய்கிறார்கள். இங்கே இந்தக் குக்கீக்கு ‘எங்கெல்ஸ்ஔகென்’ என்று பெயர், தேவதையின் கண்கள் என்று அர்த்தம். ஆஸ்திரியாவில் ‘ஹுசாரென்க்ராப்ஃபெர்ல்’ என்பார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நிறைய வீடுகளில் செய்வார்கள். சிவப்புக் கரண்ட் பழ ஜெல்லிதான் வழக்கம். ஜெல்லியைச் சூடாக்கிக் கட்டியில்லாமல் கிளறி, கோனில் போட்டுச் சொட்டுவார்கள். பழத்துண்டு இல்லாததால் குழி நிறைந்து மட்டமாக நிற்கும். என் பக்கத்து வீட்டுப் பாட்டி சுடும் முன்பே ஜெல்லி வைத்துவிடுவார், ஆனால் குழியில் முக்கால் பங்குதான் வைப்பார். வழிந்து நான் பார்த்ததில்லை.

மாவிலும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே எடைக்கணக்கில் சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. பேக்கிங் பவுடரே கிடையாது. செல்வி, உங்கள் அளவில் வெண்ணெயும் மாவும் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன. சர்க்கரை மட்டும் 65 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 100 கிராம் இருக்கிறது. சர்க்கரை கூடினால் மாவு இளகிப் பரவும், பேக்கிங் பவுடர் அடியிலிருந்து தூக்கும். குழி மேலே எழும்பினால் ஜாமுக்கு ஏது இடம்?

ஸ்வீடனில் செய்கிற ‘ஹலோன்க்ரோத்தொர்’ வேறு மாதிரி. ராஸ்பெர்ரிக் குகை என்று அர்த்தம். அதில் பேக்கிங் பவுடர் உண்டு, ஆனால் சின்னக் காகிதக் கப்புக்குள் சுடுவார்கள். மாவு பரவினாலும் காகிதம் சுவர்போலத் தாங்கிக்கொள்ளும்.

---

செல்வி_திருச்சி

எல்லோருக்கும் நன்றி. ராமநாதன் சார், நடுப்பகுதியைத் தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னதுபோலக் கசக்கவில்லை. ஓரம் மட்டும்தான்.

ஒரு சந்தேகம். எடை போடுவதற்குப் பதிலாக, அதிரசத்துக்குப் பாகு பார்ப்பதுபோலப் பதம் பார்த்தால் போதாதா? எனக்கு அதில் நல்ல பழக்கம்.

அப்புறம் குழி. நான் அழுத்தும்போது நிறைய குக்கீயில் ஓரம் வெடிக்கிறது. அந்த வெடிப்பு வழியாகத்தான் முதலில் ஒழுகுகிறது என்று இப்போது தோன்றுகிறது. வழிந்த பன்னிரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்பதில் வெடிப்பு இருக்கிறது.

---

ராமநாதன்_குன்னூர்

பாகுப் பதம் இதற்கு உதவாது. பாகு என்பது சர்க்கரையும் தண்ணீரும் மட்டும். ஜாமில் பழச்சதையும் பெக்டினும் கிடக்கின்றன. பதம் தெரிவதற்குள் அது அளவுக்கு மீறி வற்றியிருக்கும். எடையில் நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு எவர்சில்வர் தட்டை ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிட்டு, அதில் ஒரு சொட்டு ஜாம் விட்டு அரை நிமிடம் கழித்துச் சாய்த்துப் பாருங்கள். ஓடாமல் நின்று, விரலால் தள்ளினால் மேலே லேசாகச் சுருக்கம் விழுந்தால் சரி.

ஆலையில் பிஸ்கட் கம்பெனிக்கு ஜாம் அனுப்பும் முன் நாங்கள் செய்கிற சோதனை ஒன்று உண்டு, வீட்டிலும் செய்யலாம். பட்டர் பேப்பரின் அடிப்பக்கம் பென்சிலால் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வட்டம் போடுங்கள். பேப்பரைத் திருப்பிப் போட்டு அந்த வட்டத்துக்குள் அரை டீஸ்பூன் ஜாமைக் குவித்து, 170 டிகிரியில் எட்டு நிமிடம் வையுங்கள். பாட்டில் ஜாம் ஒரு குவியல், வற்றவைத்த ஜாம் ஒரு குவியல், பக்கத்தில் பக்கத்தில். எது கோட்டைத் தாண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். 240 குக்கீ மாவை வீணாக்காமல் ஜாமைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்.

குழி வெடிப்பதைப் பற்றிப் பெண்கள்தான் எனக்கு மேல் சொல்வார்கள்.

---

மீரா_ஸ்டுட்கார்ட்

செல்வி, நீங்கள் ஃபிரிஜ்ஜில் வைத்த பிறகு அழுத்துகிறீர்கள். வெண்ணெய் இறுகிவிட்டது, வளையாது, உடையத்தான் செய்யும். வரிசையை மாற்றுங்கள். உருட்டியதும் மாவு மிருதுவாக இருக்கும்போதே அழுத்திவிட்டு, அப்புறம் ட்ரேயோடு ஃபிரிஜ்ஜில் வையுங்கள். உருண்டையை உள்ளங்கையில் கொழுக்கட்டைக்கு உருட்டுவதுபோலக் கோடு இல்லாமல் உருட்ட வேண்டும். கோடு இருந்தால் அழுத்தும்போது அங்கேதான் பிளக்கும். பிளந்தால் அப்படியே விடாதீர்கள், இரண்டு விரலால் ஓரத்தைக் கிள்ளி ஒட்டவையுங்கள்.

கட்டைவிரலும் வேண்டாம். விரலால் அழுத்தினால் குழி ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஜாம் அந்தப் பக்கம்தான் போகும். கால் டீஸ்பூன் அளவுக் கரண்டியின் உருண்டை அடிப்பாகத்தை மாவில் தொட்டு அழுத்துங்கள். அடியில் அரை சென்டிமீட்டராவது மாவு மிஞ்ச வேண்டும்.

---

ஹேமா_போரூர்

இதெல்லாம் சரிதான். ஆனால் நான் சொன்ன முறையில் இந்தக் கவலை எதுவும் இல்லையே? சுட்ட பிறகு ஜாம் ஊற்றினால் வெடிப்பு இருந்தாலும் ஒழுகாது, ஊற்றியதும் இறுகிவிடும்.

---

ராமநாதன்_குன்னூர்

ஹேமா, நிறத்துக்கு உங்கள் முறைதான் முதலிடம், மறுக்கவில்லை. ஒரு கேள்வி: நீங்கள் அடுக்கி அனுப்புவீர்களா, ஒரே அடுக்காகவா?

---

ஹேமா_போரூர்

ஒரே அடுக்குதான். பெட்டியில் பன்னிரண்டு குழி உள்ள தட்டு வைத்து, பக்கத்து ஏரியாவுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

---

ராமநாதன்_குன்னூர்

அங்கேதான் வித்தியாசம். அடுப்புக்குள் கடைசி நாலைந்து நிமிடம் இருந்த ஜாமின் மேல் மெல்லிய தோல் படியும், அது விரலில் ஒட்டாது. ஊற்றி ஆறவிட்டதற்கு அந்தத் தோல் சரியாக வராது. அடுக்கினால் மேலிருக்கும் குக்கீ ஒட்டிக்கொண்டு வரும். அடியிலும் பிடிப்பு குறைவு. சுட்ட குக்கீயின் மேல் ஜாம் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சில சமயம் வில்லையாகக் கழன்று வந்துவிடும்.

செல்வி கோயில் விற்பனைக்குப் பொட்டலம் கட்டுவார் என்று நினைக்கிறேன். அதனால் பாதியில் நிரப்பும் வழியைத்தான் சொல்வேன்.

---

செல்வி_திருச்சி

ஆமாம் சார், பொட்டலத்துக்கு எட்டு வீதம் முப்பது பொட்டலம். அடுக்கித்தான் ஆக வேண்டும்.

இரண்டு நாள் வேலை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எடை போடாமல் என் பழக்கத்துக்குப் பதம் பார்த்தே வற்றவைத்தேன். முடிந்த பிறகு எடை போட்டால் 200 கிராம் ஜாம் 146 கிராம் ஆகியிருக்கிறது. நீங்கள் எச்சரித்தது அப்படியே நடந்தது. குக்கீயில் ஓடவே இல்லை, பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆனால் மறுநாள் என் மகன் கடித்தபோது ஜாம் முழுசாகப் பல்லோடு வந்தது, குக்கீ கையிலேயே நின்றது. வதனி சொன்னது எனக்கும் நடந்துவிட்டது.

இரண்டாவது தடவை பாத்திரத்தோடு எடை போட்டேன். காலிப் பாத்திரம் 412 கிராம், ஜாமோடு 612. அடுப்பில் வைத்துக் கிண்டி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இறக்கி எடை பார்த்தேன். 583 வந்ததும் நிறுத்தினேன். மொத்தம் ஆறு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நான் நினைக்கவில்லை, இன்னும் தண்ணியாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. குளிர்ந்த தட்டில் விட்டதும் நின்றுவிட்டது.

பட்டர் பேப்பர் சோதனையும் செய்தேன். பாட்டில் ஜாம் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை தூரம் பரவி, ஓரம் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. வற்றவைத்தது கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, ஒரு பக்கம் மட்டும் நூல் அளவு தாண்டியிருந்தது.

மாவில் பேக்கிங் பவுடரை விட்டுவிட்டேன். முழு முட்டைக்குப் பதில் மஞ்சள் கரு மட்டும். 225 கிராம் மைதா, 150 வெண்ணெய், 75 பொடித்த சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. 15 கிராம் உருண்டையாக 30 வந்தது. மீரா சொன்னபடி முதலில் அழுத்தி, அப்புறம் ஃபிரிஜ்ஜில் முக்கால் மணி நேரம். முப்பதில் இரண்டுதான் வெடித்தது, கிள்ளி ஒட்டினேன்.

170 டிகிரியில் காலியாக ஒன்பது நிமிடம். எடுத்துப் பார்த்தால் குழி பாதி மேலே வந்திருந்தது, கரண்டியால் மறுபடி அழுத்தினேன். இந்த நேரத்தில் மாவு ஈர மணல்போல இருக்கிறது, மெதுவாக அழுத்தினால் வெடிக்கவில்லை. பட்டர் பேப்பரை மருதாணிக் கோன்போலச் சுருட்டி, வெதுவெதுப்பான ஜாமைப் போட்டு, குழியில் முக்கால் அளவுக்கு மட்டும் விட்டேன். கோனில் விட்டதால் ஓரத்தில் ஜாம் தீற்றவில்லை. மறுபடி ஐந்து நிமிடம்.

முப்பதில் வழிந்தது ஒன்றுதான், அதுவும் நான் அதிகம் விட்டது. ஆனால் பின் வரிசை ஆறு குக்கீயில் மட்டும் ஜாமின் மேற்பரப்பு கறுத்திருக்கிறது. ஓரம் இல்லை, முழு மேற்பரப்பும். முன் வரிசையில் அப்படி இல்லை. இது ஏன்?

---

கார்த்தி_மதுரை

மேடம், இது எனக்குத் தெரியும். என் ஓ.டி.ஜி.யிலும் பின்பக்கம் சூடு அதிகம். மேல் ராடு சிவந்து நேராக ஜாமைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜாம் நிறம் அடர்த்தி, சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும். நான் கேக் மேல்பகுதி கருகாமல் இருக்க முதல் பாதியில் இரண்டு ராடும், அப்புறம் கீழ் ராடு மட்டும் போடுவேன். அதையே இங்கேயும் செய்யுங்கள். ஜாம் வைத்த பிறகு மேல் ராடை அணைத்துவிட்டு, ட்ரேயையும் பின்பக்கம் முன்னே வரும்படி திருப்பி வையுங்கள்.

---

ராமநாதன்_குன்னூர்

கார்த்தி சொன்னது சரி. மேல் ராடை அணைத்தால் ஐந்து நிமிடம் போதாமல் ஆறு ஆகலாம், அடி நிறத்தைப் பார்த்து எடுங்கள். ஜாமில் குமிழி வருவதற்காகக் காத்திருக்காதீர்கள். ஓரத்தில் முதல் சின்னக் குமிழி தெரிந்தால் எடுத்துவிடலாம்.

---

வதனி_யாழ்

ராமநாதன் ஐயா, நீங்கள் சொன்னபடி சீனி சேர்க்காமல், காய்ச்சாமல், வெறுமனே இளஞ்சூடாக்கி வைத்தேன். இன்றைக்கு மூன்றாம் நாள், ஜாம் இன்னும் மென்மையாக இருக்கு. ஆனால் பிஸ்கட் நமுத்துப் போனது. குழியைச் சுற்றி ஈரமாக இருக்கு. முன்பு ஜாம் கல்லாக இருந்தாலும் பிஸ்கட் மொறுமொறுப்பாகத்தான் இருந்தது.

---

ராமநாதன்_குன்னூர்

அது இயல்புதான் வதனி. ஜாமில் இருக்கும் ஈரம் காய்ந்த குக்கீக்குள் போகும். ஈரம் அதிகமான ஜாம் வைத்தால் அதிகம் போகும். கல்லாகிய ஜாமில் கொடுப்பதற்கு ஈரமே இல்லை, அதனால் பிஸ்கட் மொறுமொறுப்பாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். சும்மா சூடாக்கியதற்கும் முன்பு காய்ச்சியதற்கும் இடையில், எடை பார்த்து, நூற்றுக்கு 93, 94 என்று நிறுத்திப் பாருங்கள். விளாம்பழத்துக்கு நான் செய்து பார்த்ததில்லை, உங்கள் கைதான் முடிவு சொல்லும்.

செல்வி, உங்களுக்கும் இது பொருந்தும். விற்பனைக்கு ஒரு வாரம் முன்பே சுட்டு வைக்காதீர்கள். காலிக் குக்கீ மாவை உருட்டி அழுத்தி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் முன்னால் சுடுங்கள்.

---

மீரா_ஸ்டுட்கார்ட்

ஒரு கேள்வி எல்லோருக்கும். ஜாம் வற்றவைக்கும்போது சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு நன்றாக நிற்கும் என்று என் அம்மா சொல்வார். நான் செய்தபோது நிறம் பளிச்சென்று இருந்தது உண்மை. ஆனால் அடுப்பில் ஓரம் சீக்கிரம் பழுப்பானதுபோலத் தோன்றியது. யாராவது கவனித்திருக்கிறீர்களா?

---

ஹேமா_போரூர்

எலுமிச்சை விட்டால்தான் நிறம் நிற்கும். நான் அரை டீஸ்பூன் எப்போதும் விடுவேன்.

---

ராமநாதன்_குன்னூர்

ஹேமா, நீங்கள் ஜாமை அடுப்புக்குள் வைப்பதில்லை, அதனால் உங்களுக்கு நல்லது மட்டும் தெரிகிறது. புளிப்பு கூடினால் சிவப்பு துலங்கும், அது உண்மை. அதே புளிப்பு, கொதிக்கும்போது சர்க்கரையைப் பிளக்கும். பிளந்த சர்க்கரை சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறும். கடை ஜாமில் போதுமான புளிப்பு ஏற்கெனவே இருக்கிறது, நான் சேர்க்க மாட்டேன். மீரா கண்டது இதனால்தானா, அல்லது அன்றைக்கு அடுப்புதான் சூடாக இருந்ததா என்பதை ஒரே ட்ரேயில் பாதி பாதி வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

பழத்தைப் பொறுத்தும் இருக்கிறது. ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பு ரொம்ப மென்மை, பாட்டிலில் மாதக்கணக்கில் இருந்தாலே பழுப்பாகும். ஆப்ரிகாட் மஞ்சள் சூட்டைத் தாங்கும். கொய்யா ஜெல்லி கிடைத்தால் விடாதீர்கள். கொய்யாவில் பெக்டின் அதிகம், குழியில் வைத்தால் வைத்த இடத்தில் உட்காரும்.

---

மீரா_ஸ்டுட்கார்ட்

சரி சார், ஞாயிற்றுக்கிழமை ஒரே ட்ரேயில் பாதி பாதி வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

---

ஹேமா_போரூர்

எனக்கு இன்னும் சுட்ட பிறகு ஊற்றுவதுதான் பிடிக்கிறது. ஆனால் ஒட்டாத தோல் விஷயம் புதிது. ஊற்றிய பிறகு மேல் ராடு இல்லாமல் மூன்று நிமிடம் உள்ளே வைத்து எடுத்தால் தோல் வருகிறதா என்று அடுத்த ஆர்டரில் பார்க்கிறேன்.

---

செல்வி_திருச்சி

இன்று காலை மறுபடி 30 போட்டேன். ஜாம் வைத்த பிறகு மேல் ராடை அணைத்து, ட்ரேயைத் திருப்பி, ஆறு நிமிடம். ஐந்தரை நிமிடத்தில் முன் வரிசையில் ஒரு குக்கீ ஓரத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு குமிழி வந்தது, உடனே எடுத்துவிட்டேன். ஒன்றுகூட வழியவில்லை. பின் வரிசைக்கும் முன் வரிசைக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முழுசாக ஆறியதும் எட்டை அடுக்கிச் செலோபேனில் கட்டி, மதியம் வரை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துச் சந்தைக்குப் போய் வந்தேன். பிரித்தபோது ஒன்றின் அடியில் மட்டும் லேசாகச் சிவப்புத் தடம், மற்றவை ஒட்டவில்லை.

கணக்கும் போட்டுவிட்டேன். ஒரு குக்கீக்கு மூன்றரை கிராம் ஜாம் பிடிக்கிறது. 240-க்கு 840 கிராம். நூற்றுக்கு 85 கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ பாட்டில் வாங்கினால் சரியாக இருக்கும். ஒரேயடியாக ஒரு கிலோவையும் வற்றவைக்காமல் ஐந்து பங்காக, 200 கிராம் வீதம் செய்யப் போகிறேன். அகலப் பாத்திரம் என்னிடம் அந்த அளவுக்குத்தான் இருக்கிறது.

சார், கடைசியாக ஒன்று. வற்றவைத்த ஜாம் கோனில் இருக்கும்போதே ஆறி இறுகிவிட்டால், மறுபடி அடுப்பில் வைக்கலாமா?

---

ராமநாதன்_குன்னூர்

நேராக அடுப்பில் வைக்காதீர்கள், மறுபடி வற்றிவிடும். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்துத் தட்டு போட்டு மூடி இளக்குங்கள். கிண்ணத்தை முதலில் எடை போட்டு வைத்திருந்தீர்களானால் கொஞ்சம் குறைந்தாலும் தெரிந்துவிடும், குறைந்த அளவுக்குக் கொதிநீர் விட்டுக் கலந்துகொள்ளலாம்.